ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும்: பெரியவங்களுக்கு வயரிங் பாதுகாப்பு கத்துக்குடுக்குத ஒரு நாள் வகுப்பு, முழு வழிகாட்டி

நான் பாளையங்கோட்டை பக்கம் வயரிங் வேலை பாக்குதேன், ஞாயித்துக்கிழமையில பெரியவங்களுக்கு வகுப்பும் எடுக்கேன். வாரவங்க பீடி சுத்துத அக்காமார், பந்தலுக்கு லைட்டு கட்டுதவங்க, வயக்காட்டுல மோட்டார் போடுத அண்ணாச்சிமார், பிளம்பர் கூட ஹெல்பரா போற பையங்கன்னு கலந்து இருப்பாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு பெறவுதான் நெறைய பேரு கேட்டு வந்தாங்க, வீட்டுக்குள்ள தண்ணி ஏறி வடிஞ்ச பெறவு ஸ்விட்ச் போர்டை தொடலாமா மெயினை போடலாமான்னு தெரியாம தெருவே முழிச்சுக்கிட்டு நின்னுது. இதே மாதிரி வகுப்பு உங்க ஊர்ல எடுக்கணும்னு நெனைக்கவங்களுக்காக என்னென்ன பண்ணுதோம்னு இங்க எழுதுதேன்.

முதல் நாள்ல ஒரே ஒரு பாடம்தான். தொடுததுக்கு முன்னாடி அதுல கரண்ட் இல்லைன்னு நிரூபிக்கணும். டூ வே ஸ்விட்ச், ஃபேன் ரெகுலேட்டர், பிளக் பாயிண்ட் எல்லாம் பெறவு. ஏன் இந்த பிடிவாதம்னா, நான் ஹெல்பரா இருந்த காலத்துல ஒரு வீட்ல பல்பு ஹோல்டர் மாத்த ஏணியில ஏறுனேன், ஸ்விட்ச்சை நானே ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறுனேன், பல்பும் அணைஞ்சிட்டு, ஆனா ஹோல்டர் ஸ்குரூவை தொட்டதும் அடிச்சு கீழ தள்ளிட்டு. முன்னாடி வயரிங் பண்ணவரு ஸ்விட்ச்சை ஃபேஸ் வயர்ல போடாம நியூட்ரல் வயர்ல போட்டுருக்காரு. நியூட்ரலை வெட்டுனாலும் பல்பு அணையும், ஏன்னா சுத்து முழுசாகல. ஆனா ஃபேஸ் நேரா ஹோல்டர் வரைக்கும் வந்து உக்காந்துருக்கும், நம்ம கை அந்த சுத்தை முழுசாக்கிடும். இந்த ஒரு தப்பை சுத்தித்தான் நான் வகுப்பு முழுசையும் கட்டிருக்கேன். பல்பு அணைஞ்சா கரண்ட் இல்லைன்னு எல்லாரும் நம்புதாங்க, அந்த நம்பிக்கையை அவங்க கண்ணு முன்னாடி ஒடைக்கணும்.

எத்தன பேரு, எங்க, எவ்வளவு நேரம்

ஒரு வாத்தியாருக்கு 8 பேருக்கு மேல வேண்டாம். எட்டு பேரும் ரெண்டு ரெண்டு பேரா நாலு ஜோடி. கூட ஒரு ஆளு கட்டாயம் வேணும், அவரோட வேலை ஒண்ணே ஒண்ணுதான், சப்ளை ஸ்விட்ச் பக்கத்துல நிக்குதது. டீ வாங்க போறது, ஃபோன் பேசுதது எதுவும் கெடையாது. காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சா 1 மணிக்கு முடியும், நடுவுல கால் மணி நேரம் டீ. சாயங்காலம் வைக்காதீங்க, பகல் முழுக்க வேலை பாத்துட்டு வந்த ஆளு எட்டு மணிக்கு தூங்கி விழுவாரு, அந்த நேரத்துல 230 வோல்ட் பக்கத்துல நிக்க விடக்கூடாது.

தரை காய்ஞ்சு இருக்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில ஈரச் சுவரு இருக்குத எடத்துல பண்ணாதீங்க. கால்ல மூடுன செருப்பு, ரப்பர் சோல். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி டப்பாவுல போட சொல்லுவேன். தாலி செயினை கழட்ட சொல்லக்கூடாது, அக்காமாருக்கு சங்கடமா இருக்கும், ரவிக்கைக்குள்ள போட்டு சேலையை ஊக்கு வச்சு குத்திக்கிட சொன்னா போதும்.

போர்டு தயார் பண்ணுதது

மூணு மரப்பலகை போர்டு செஞ்சுக்கிடுங்க, வெளிய இருந்து பாத்தா மூணும் ஒரே மாதிரி இருக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு டபுள் போல் எம்சிபி 6 ஆம்பியர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஹோல்டர், ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு. முதல் போர்டுல ஸ்விட்ச் ஃபேஸ்ல, சரியா. ரெண்டாவதுல ஸ்விட்ச் நியூட்ரல்ல, தப்பா. மூணாவது போர்டு சரியாத்தான் இருக்கும், ஆனா எம்சிபியை தாண்டி இன்னொரு வழியா ரகசியமா சப்ளை வரும், அதோட சாவி ஸ்விட்ச் உங்க கையில. இது வீட்ல இருக்குத யூபிஎஸ் மாதிரி. ரெண்டு வழியும் ஒரே ஃபேஸ்ல இருந்து எடுங்க, வேற ஃபேஸ் கலந்துட்டா ரெண்டு வயருக்கு நடுவுல 400 வோல்ட் நிக்கும், அது வகுப்புக்குள்ள வரவே கூடாது.

எல்லா டெர்மினலுக்கும் மேல தெளிவான அக்ரிலிக் ஷீட்டு போட்டு மூடிடுங்க. அளக்குத எடத்துல மட்டும் 4 மில்லிமீட்டர் ஓட்டை. மீட்டர் முனை உள்ள போகும், விரல் போகாது. கத்துக்கிடுதவங்க கரண்ட் உள்ள போர்டை அளக்கத்தான் செய்வாங்க, ஷீட்டை கழட்டுத வேலை முழுக்க கரண்ட் இல்லாத போர்டுல மட்டும்.

மூணு போர்டுக்கும் சப்ளை, ரகசிய வழி உட்பட, ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியா போகணும். அது ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புத கரண்டும் சமமான்னு பாத்துக்கிட்டே இருக்கும், கொறஞ்சா ஒடனே தட்டி விழும். வகுப்பு ஆரம்பிக்கும்போது எல்லாரும் பாக்க அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுதான்னு பாருங்க, விழலைன்னா அன்னைக்கு வகுப்பு கெடையாது. கூடவே இதையும் சொல்லிடுங்க, ஒரு கை ஃபேஸ்லயும் இன்னொரு கை நியூட்ரல்லயும் இருந்தா ஆர்சிசிபிக்கு அது பல்பு மாதிரித்தான் தெரியும், அது விழாது. ஆர்சிசிபி இருக்குன்னு தைரியமா தொடுதவங்களை நான் பாத்துருக்கேன்.

சில பேரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு பண்ணா இன்னும் நல்லதுல்லான்னு கேப்பாங்க. வேற பாடத்துக்கு நல்லது, இந்த பாடத்துக்கு ஒத்துவராது. அதுல எர்த்துக்கும் வயருக்கும் தொடர்பு இல்ல, அதனால டெஸ்டரும் எர்த்து அளவும் வீட்ல காட்டுத மாதிரி காட்டாது, ஆர்சிசிபியும் எர்த்து கசிவுக்கு விழாது. வீட்ல நடக்குதது என்னவோ அதைத்தான் காட்டணும்.

முதல் அரை மணி: அடிச்சா என்ன பண்ணணும்

கரண்ட் ஏதும் போடுததுக்கு முன்னாடியே இது. ஒருத்தர் மாட்டிக்கிட்ட மாதிரி நடிக்கணும், மத்தவங்க என்ன பண்ணுதாங்கன்னு பாக்கணும். முதல் தடவை பத்துல ஒம்பது பேரு ஓடிப்போய் அவரை புடிச்சு இழுக்கத்தான் பாப்பாங்க. அங்கன நிப்பாட்டி சொல்லுங்க, புடிச்சா ரெண்டு பேரும் மாட்டிக்கிடுவாங்க. முதல்ல சப்ளையை வெட்டணும், வெட்ட முடியலைன்னா காய்ஞ்ச கம்பாலயோ பிளாஸ்டிக் நாற்காலியாலயோ தள்ளி விடணும். இது வீட்டு கரண்டுக்கு மட்டும்தான், ரோட்டுல அறுந்து கெடக்குத கம்பிக்கு இல்ல, அதுக்கு தள்ளி நின்னு ஈபிக்கு ஃபோன் போடணும். பெறவு 108. ஆளு மூச்சு விடலைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்கணும், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. தலையணையை வச்சு எல்லாரும் ஒரு நிமிஷம் அமுக்கட்டும், ஒரு நிமிஷத்துலயே கை வலிக்கும், அப்பந்தான் ஆளு மாத்தி மாத்தி பண்ணணும்னு புரியும்.

செஞ்சு காட்டுதது

இந்த ஒரு மணி நேரம் நீங்க பண்ணணும், அவங்க பாக்கணும், யாரும் எதையும் தொடக்கூடாது. முதல் போர்டுல பல்பை போட்டு ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணுங்க. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல, 230ஐ விட கூடுன ரேஞ்சுல வைங்க. செவப்பு லீடு வோல்ட்டு ஓட்டையில இருக்கான்னு எல்லாரும் பாக்க வாய்விட்டு சொல்லுங்க. அது ஆம்பியர் ஓட்டையில இருந்து அப்படியே ஃபேஸ் நியூட்ரல்ல வச்சா மீட்டர் கையிலயே வெடிக்கும், ஏன்னா அந்த ஓட்டைக்குள்ள கிட்டத்தட்ட நேர் வயரு மாதிரிதான்.

ஸ்விட்ச் ஆஃப்ல முதல் போர்டு ஹோல்டரோட ரெண்டு முனைக்கும் நடுவுல அளந்தா 0 காட்டும். ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் அளந்தாலும் 0 இல்லைன்னா ஒண்ணு ரெண்டு வோல்ட். சரி. இப்ப ரெண்டாவது போர்டு. ஸ்விட்ச் ஆஃப், பல்பு அணைஞ்சிட்டு, பல்பு ஹோல்டர்லதான் இருக்கு. ரெண்டு முனைக்கும் நடுவுல அளக்கேன், 0. இங்கன கொஞ்சம் நிறுத்தி "இத தொடலாமா?"ன்னு கேளுங்க. பாதி பேரு தொடலாம்னுதான் சொல்லுவாங்க.

பெறவு ஒரு முனையில இருந்து எர்த்துக்கு அளங்க. 230 பக்கம் காட்டும். அடுத்த முனையில இருந்து எர்த்துக்கு, அதுவும் 230 பக்கம். கூட்டம் அமைதி ஆயிடும். ஏன் அப்படின்னு போர்டுலயே படம் போட்டு காட்டுங்க. ஃபேஸ் ஹோல்டருக்கு வந்துட்டு, பல்போட இழை வழியா அடுத்த முனைக்கும் வந்துட்டு, அங்க இருந்து ஸ்விட்ச் வரைக்கும் போய் நிக்குது, ஏன்னா ஸ்விட்ச் தொறந்து கெடக்கு. ரெண்டு முனையும் ஒரே ஒசரத்துல நிக்கும்போது அதுகளுக்கு நடுவுல வித்தியாசம் இல்ல, அதான் 0. ரெண்டு டேங்குலயும் தண்ணி ஒரே மட்டத்துல இருந்தா நடு பைப்புல தண்ணி ஓடாது, ஆனா ரெண்டு டேங்குலயும் தண்ணி இருக்குல்லா, அது மாதிரி. மோட்டார் அண்ணாச்சிமாருக்கு இது சட்டுனு புடிபட்டுரும்.

அடுத்து மூணாவது போர்டு. எம்சிபியை ஆஃப் பண்ணுங்க, பல்பு அணையும். பேசிக்கிட்டே ரகசிய சாவியை போடுங்க, பல்பு திரும்ப எரியும். நம்ம ஊரு வீடுகள்ல யூபிஎஸ் இப்படித்தான், மெயினை எறக்குன அடுத்த நொடி அது ஹால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் 230 வோல்ட் குடுக்க ஆரம்பிச்சிரும். மெயினை எறக்குனா வீடு முழுக்க செத்துட்டுன்னு நெனைக்கதுதான் தப்பு. யூபிஎஸ்ஸையும் தனியா ஆஃப் பண்ணி, அதோட அவுட்புட் பிளக்கை உருவி வைக்கணும்.

டெஸ்டரை பத்தி

எல்லார் சட்டைப்பையிலயும் ஒரு நியான் டெஸ்டர் இருக்கும், அதை தூக்கி எறிய சொன்னா கேக்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா அது எப்படி ஏமாத்துதுன்னு காட்டுங்க. ஒருத்தரை காய்ஞ்ச மர ஸ்டூல்ல, ரப்பர் செருப்போட நிக்க வச்சு கரண்ட் இருக்குத பாயிண்ட்டுல டெஸ்டர் வைக்க சொல்லுங்க, மங்கலாத்தான் எரியும். ஜன்னல் பக்கம் வெயில்ல நிக்க வச்சா அந்த மங்கலும் கண்ணுக்கு தெரியாது. டெஸ்டர் எரியணும்னா நம்ம ஒடம்பு வழியா ரொம்ப சின்ன கரண்ட் போயாகணும், அந்த வழி சரியில்லைன்னா அது ஊமையாயிடும். அதனால டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு எடுத்துக்கிடுங்க, எரியலைன்னா அது எதையும் நிரூபிக்கல.

மல்டிமீட்டர் வேற விதமா கொழப்பும். ரெண்டு பக்கமும் வெட்டி வுட்ட வயரு, இன்னொரு கரண்ட் வயரு பக்கத்துல அதே பைப்புல ஓடுனா, மீட்டர் 40, 60, 80ன்னு ஏதாவது காட்டும். அது பேய் வோல்டேஜ். பக்கத்து வயருல இருந்து ஒட்டிக்கிட்டு வாரது. உண்மையா பொய்யான்னு தெரிய ரெண்டு வயரு வச்ச டெஸ்ட் லேம்பை அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சா பேய் ஓடிப்போயிரும், மீட்டர் 0க்கு வந்துரும், பல்பு எரியாது. டெஸ்ட் லேம்பை ஃபேஸ்க்கும் எர்த்துக்கும் நடுவுல மட்டும் வைக்க விடாதீங்க. 60 வாட்ஸ் பல்பு கால் ஆம்பியர் இழுக்கும், ஆர்சிசிபி பட்டுனு விழும். ஆர்சிசிபி இல்லாத, எர்த்து அறுந்த வீட்ல அப்படி வச்சா அந்த எர்த்து வயருல சேந்துருக்குத ஃப்ரிட்ஜு, கிரைண்டர் ஒடம்பு எல்லாத்துலயும் கரண்ட் ஏறிடும்.

வாய்விட்டு சொல்லுத முறை

செஞ்சு காட்டி முடிச்சதும் ஒரு வரிசையை எழுதி ஒட்டுவேன், பெறவு ஒவ்வொரு தடவையும் இதை சத்தமா சொல்லிக்கிட்டேதான் பண்ணணும்.

1. இங்க எத்தன வழியா கரண்ட் வரும்? மெயின், யூபிஎஸ், ஜெனரேட்டர், பக்கத்து வீட்டு வயரு.
2. வெட்டுததுக்கு முன்னாடி எரியுது, பாத்துட்டேன்.
3. எல்லா வழியையும் வெட்டிட்டேன், எம்சிபிக்கு டேப்பும் அட்டையும் போட்டுட்டேன். பழைய வீட்ல ஃபியூஸ் கட்டை என் பையில இருக்கு.
4. கரண்ட் இருக்குத பாயிண்ட்டுல மீட்டரை வச்சேன், காட்டுது.
5. வேலை பாக்குத எடத்துல மூணு அளவு: ரெண்டு முனைக்கும் நடுவுல, ஒவ்வொண்ணும் எர்த்துக்கு.
6. திரும்பவும் கரண்ட் பாயிண்ட்டுல வச்சேன், இன்னமும் காட்டுது.
7. தொடுதேன்.

நாலாவதையும் ஆறாவதையும் எல்லாரும் விட்டுட்டு போகத்தான் பாப்பாங்க. லீடு ஒண்ணு நடுவுல அறுந்து போச்சுன்னா மீட்டர் எல்லா எடத்துலயும் 0தான் காட்டும், அந்த 0வை நம்பி தொட்டா முடிஞ்சுது. நான் ஒரு பழைய லீடை பிளாஸ்டிக்குக்குள்ளயே வெட்டி வச்சிருக்கேன், நடுவுல யாருக்கும் தெரியாம அதை மாத்தி குடுப்பேன். ஆறாவது படியை விடாதவங்க மட்டும் கண்டுபிடிப்பாங்க.

நாலாவது படியில இன்னொரு வேலையும் இருக்கு. கரண்ட் பாயிண்ட்டுல ஃபேஸ் நியூட்ரல் மட்டும் பாக்காம, நம்ம அளக்கப்போற அதே எர்த்து வயருக்கும் பாக்கணும். ஃபேஸ் நியூட்ரல் 231 காட்டி, ஃபேஸ் எர்த்து 110தான் காட்டுதுன்னா எர்த்து அறுந்துருக்குன்னு சந்தேகப்படணும், அப்பம் அஞ்சாவது படியோட அளவை நம்ப முடியாது. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருந்தா அளவு பாக்க அந்த எர்த்து போதும், ஆனா பெரிய கசிவு வந்தா தாங்குத எர்த்தான்னு மல்டிமீட்டர் சொல்லாது, அதுக்கு எர்த்து டெஸ்டர் வச்சுத்தான் பாக்கணும்.

இப்ப அவங்க கையில

ஜோடியில ஒருத்தர் கை, ஒருத்தர் வாய். கை ஆளு பண்ணுவாரு, வாய் ஆளு அடுத்த படி என்னன்னு சொல்லுவாரு, சொல்லாம கை ஆளு நகரக்கூடாது. ஒரு நேரத்துல ஒரு போர்டுல மட்டும்தான் கரண்ட். மத்த ஜோடிகளுக்கு அந்த நேரத்துல கரண்டே இல்லாத வேலை குடுத்துரணும், வயரு சீவுதது, டெர்மினல்ல மாட்டுதது. 1.5 ஸ்கொயர் எம்எம் வயருல ஒரு சென்டிமீட்டர் அளவு சீவணும், உள்ள இருக்குத தாமிர இழையில வெட்டு விழக்கூடாது, ஸ்குரூவை முறுக்குன பெறவு இழுத்து பாக்கணும், உருவி வந்தா திரும்ப மாட்டணும். ஃபேஸ் செவப்பு, நியூட்ரல் கருப்பு, எர்த்து பச்சை. பழைய வீடுகள்ல நிறத்தை நம்பாதீங்கன்னும் கூடவே சொல்லுங்க, மிச்சம் இருந்த சுருள்ல எந்த நிறம் கெடச்சுதோ அதையே இழுத்து வுட்டுருப்பாங்க.

போன மாசம் ஒரு பேட்சுல முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, வயசு அம்பது இருக்கும். ரெண்டாவது போர்டு அவங்களுக்கு வந்துது. ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணாங்க, எம்சிபியை எறக்கல. ரெண்டு முனைக்கும் நடுவுல அளந்துட்டு "சைபர் தம்பி, செத்துட்டு"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவங்க ஜோடியா இருந்த பந்தல்காரப் பையன்தான் "யக்கா, எர்த்துக்கு இன்னும் பாக்கலல்லா"ன்னான். பாத்தாங்க, 228. கையை வெடுக்குனு பின்னாடி இழுத்துக்கிட்டாங்க, ஷீட்டு மூடித்தான் இருந்துது ஆனாலும். "அப்பம் எங்க வீட்டு அடுப்படி லைட்டும் இப்படித்தானா, ஆஃப் பண்ண பெறவும் ராத்திரி மினுக்கு மினுக்குனு எரியும்"னு கேட்டாங்க. நல்ல கேள்வி அது. எல்இடி பல்பு ஆஃப்ல மங்கலா எரிஞ்சா ஸ்விட்ச் நியூட்ரல்ல இருக்குன்னு முதல்ல சந்தேகப்படணும், ஆனா அது மட்டும் காரணம் இல்ல, ஸ்விட்ச்சுல சின்ன இண்டிகேட்டர் லைட்டு இருந்தாலோ, நீளமா பக்கத்து பக்கத்துல வயரு ஓடுனாலோ கூட அப்படி எரியும். அளந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்.

பெறவு அந்த அக்கா எம்சிபியை எறக்கி, டேப்பு ஒட்டி, முதல்ல இருந்து ஏழு படியும் சொல்லி பண்ணாங்க. ஷீட்டை கழட்டி ஸ்விட்ச்சுல இருந்த நியூட்ரல் வயரை உருவி, ரெண்டு துண்டையும் கனெக்டர்ல சேத்து நேரா ஹோல்டருக்கு விட்டாங்க, ஃபேஸை ஸ்விட்ச் வழியா எடுத்து ஹோல்டரோட இன்னொரு முனைக்கு குடுத்தாங்க. இருபது நிமிஷம் ஆச்சு, நான் அவசரப்படுத்தல.

கரண்ட் குடுக்குததுக்கு முன்னாடி சீரிஸ் போர்டு

மாத்தி மாட்டுன போர்டுக்கு நேரா சப்ளை குடுக்காதீங்க. ஷீட்டை திரும்ப மூடி, ஃபேஸ்ல ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பு சீரிஸா இருக்குத போர்டு வழியா முதல்ல குடுங்க. போர்டு ஹோல்டர்ல 60 வாட்ஸுக்கு பதிலா ஒரு 9 வாட்ஸ் எல்இடி போடுங்க. ஸ்விட்ச் போட்டதும் எல்இடி எரிஞ்சு சீரிஸ் பல்பு எரியலைன்னா சரி. சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சு எல்இடி எரியலைன்னா எங்கயோ ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் எரியலைன்னா வயரு எங்கயோ மாட்டல. ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணியும் சீரிஸ் பல்பு எரியுதுன்னா ஸ்விட்ச்சுக்கு முன்னாடியே ஒட்டிருக்கு.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். சீரிஸ் பல்பு இருந்தா ஷாக் அடிக்காதுன்னு ஒரு பேச்சு கடைத்தெருவுல எல்லாம் ஓடுது, அது சுத்தமா தப்பு. 100 வாட்ஸ் பல்பு 430 மில்லி ஆம்பியர் வரைக்கும் விடும். 10 மில்லி ஆம்பியர் சுமாருக்கே கை விரல் இறுகி விட முடியாம போகும், அதை விட சில மடங்கு கூடுனா இதயத் துடிப்பு தடுமாறும். சீரிஸ் பல்பு வயரையும் எம்சிபியையும்தான் காப்பாத்தும், ஆளை இல்ல.

சீரிஸ்ல சரியா இருந்தா நேர் சப்ளை குடுத்து, ஸ்விட்ச் ஆஃப்ல ஹோல்டர் முனைகளை எர்த்துக்கு அளக்கணும், இப்ப ரெண்டும் 0 பக்கம் வரணும். அந்த அக்காவுக்கு ஒண்ணு 0, இன்னொண்ணு 2 வோல்ட் வந்துது. அந்த 2 வோல்ட்டுக்கு பயப்பட வேண்டாம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். 20, 30ன்னு ஏறுனா நியூட்ரல்ல எங்கயோ லூஸ் இருக்கலாம், அது தனியா பாக்கவேண்டிய கோளாறு.

எங்க நிறுத்தணும்

வகுப்பு நடக்கும்போது மூணு பழக்கத்தை பாத்த ஒடனே வேலையை நிப்பாட்டுவேன். பின்கையால லேசா தட்டி பாக்குதது, வாய்ல வயரை கடிச்சு சீவுதது, வேர்வைக் கையோட மீட்டர் முனையோட உலோகத்தை புடிக்குதது. சித்திரை வெயில்ல வேர்வை சும்மா ஊத்தும், கைத்துண்டு ஒண்ணு எல்லார் தோள்லயும் இருக்கணும். நிப்பாட்டுனா திட்டக்கூடாது, முதல் படியில இருந்து திரும்ப ஆரம்பிக்க சொன்னா போதும், பெரியவங்களை நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டா அடுத்த வாரம் வர மாட்டாங்க.

இந்த ஒரு நாள் வகுப்பு முடிச்சா யாரும் வயர்மேன் ஆயிட மாட்டாங்கன்னும் நேரா சொல்லிடுங்க, அதுக்கு அரசு சான்றிதழ் இருக்கு. மீட்டருக்கு முன்னாடி இருக்குத வயரு, போஸ்ட்டு, சர்வீஸ் ஒயரு எதுலயும் கை வைக்கக்கூடாது, அது ஈபி ஆளுங்க வேலை. வெள்ளத்துல முங்குன போர்டை காய வச்சு மெயினை போட்டு பாக்குதது வேண்டாம், ஸ்விட்ச்சுக்குள்ள சேறு இருக்கும், பைப்புக்குள்ள தண்ணி நிக்கும், ஆர்சிசிபி திரும்ப திரும்ப விழுந்தா அதை மல்லுக்கட்டி போடாம வயர்மேனை கூப்பிட்டு இன்சுலேஷன் அளந்த பெறவுதான் போடணும்.

கடைசி முக்கால் மணி நேரம் தேர்வு. ஒவ்வொருத்தரா தனியா, வாய் ஆளு கெடையாது. எந்த போர்டு வரும்னு தெரியாது, நல்ல லீடா அறுந்த லீடான்னும் தெரியாது. ஷீட்டை தொடுததுக்கு முன்னாடி ஏழு படியும் வரணும், ஒண்ணு விட்டாலும் அன்னைக்கு தேறல. எட்டுல மூணு நாலு பேரு முதல் தடவை விழுவாங்க, பெரும்பாலும் மூணாவது போர்டுல, "எத்தன வழியா கரண்ட் வரும்"னு கேக்காம எம்சிபியை மட்டும் எறக்கிட்டு போவாங்க. அவங்க அடுத்த ஞாயிறு வந்து தேர்வு மட்டும் திரும்ப எழுதலாம், காசு கெடையாது.

வீட்டுப்பாடம் ஒரு தாள் குடுப்பேன், எந்த போர்டையும் தொறக்காம பண்ணுதது. ஒவ்வொரு எம்சிபியா எறக்கி எந்தெந்த லைட்டு அணையுதுன்னு எழுதணும், எல்லாத்தையும் எறக்குன பெறவும் எது எரியுதுன்னு எழுதணும், ஆர்சிசிபி இருந்தா டெஸ்ட் பட்டன் அமுக்கி விழுதான்னு எழுதணும். அந்த அக்கா அடுத்த வாரம் தாளை கொண்டு வந்தாங்க. அடுப்படி லைட்டும் மாட்டுக்கொட்டகை மோட்டாரும் ஒரே எம்சிபியில இருந்துது, மெயினை எறக்குன பெறவும் ஹால்ல ஒரு லைட்டும் பூஜை ரூம் லைட்டும் எரிஞ்சுது, ஆர்சிசிபிக்கு நேரா "இல்லை"ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டுருந்தாங்க. "எவ்வளவு ஆகும் தம்பி, மாட்டி தாரியா"ன்னு அதைத்தான் முதல்ல கேட்டாங்க.